இரட்டைக் கர்ப்பம்: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? 14 வாரத்துக்குள் ஏன் தெரிந்தாக வேண்டும்?

புதுடெல்லி: வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் வளர்கின்றன என்று ஸ்கேன் அறிக்கை வந்ததும், இரண்டும் ஒரே சாயலில் பிறக்குமா என்பதே குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறது. மகப்பேறு மருத்துவர் தேடும் விடையோ வேறு. இரண்டு கருக்களுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உள்ளதா, அல்லது இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். மருத்துவ மொழியில் இதற்குக் 'கோரியானிசிட்டி' என்று பெயர். அடுத்த ஸ்கேன் இரண்டு வாரத்திலா, நான்கு வாரத்திலா என்பது தொடங்கி, பிரசவம் எந்த வாரத்தில் என்பது வரை பெரும்பாலான முடிவுகள் இந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகின்றன.

இந்த விடையை ஏறத்தாழ ஐயமின்றிச் சொல்லக்கூடிய காலம் கர்ப்பத்தின் முதல் 14 வாரங்கள் மட்டுமே. அந்தக் காலம் கடந்துவிட்டால், எவ்வளவு உயர்தரமான ஸ்கேன் கருவி இருந்தாலும் உறுதி குறைந்துகொண்டே போகும்.

ஒரு கருமுட்டை, இரண்டு குழந்தைகள்

இரண்டு கருமுட்டைகள் தனித்தனியே கருவுற்று உருவாகும் இரட்டையருக்கு நஞ்சுக்கொடியும் தனித்தனியாகவே அமைகிறது. இவர்கள் ஒரே நேரத்தில் பிறக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை போன்றவர்கள். ஒரே கருமுட்டை கருவுற்ற பின் இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பிரிவு நிகழும் நாள்.

கருவுற்ற முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் இரு கருக்களுக்கும் தனி நஞ்சுக்கொடி, தனிப் பனிக்குடம் உருவாகும். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரையிலான காலத்தில் பிரிந்தால், நஞ்சுக்கொடியாக மாறவேண்டிய வெளி உறையான கோரியான் அதற்குள் உருவாகத் தொடங்கியிருக்கும். எனவே நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு என்ற நிலை ஏற்படும். அதன் பின்னர் பிரிந்தால் பனிக்குடமும் ஒன்றே. பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு முழுமையற்ற பிரிவு நேர்ந்தால் குழந்தைகள் ஒட்டிப் பிறக்கக்கூடும். ஒரு முட்டை இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். எல்லா இரட்டைக் கர்ப்பங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் ஒன்று நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்வதாக இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு தவறான நம்பிக்கைகள் விலகுகின்றன. 'நஞ்சுக்கொடி இரண்டு என்றால் முட்டையும் இரண்டு' என்பது சரியன்று. ஒரு முட்டை இரட்டையரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நஞ்சுக்கொடி இரண்டாகவே இருக்கும். 'செயற்கைக் கருத்தரிப்பில் ஒரே ஒரு கருவைத்தான் வைத்தார்கள், ஆகவே இரட்டையர் உருவாக வழியில்லை' என்பதும் சரியன்று. வைக்கப்பட்ட ஒரு கருவே பின்னர் இரண்டாகப் பிரிவது உண்டு. அப்படிப் பிரிந்தவை நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

திரையில் மருத்துவர் தேடுவது என்ன?

கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 மி.மீ. முதல் 84 மி.மீ. வரை இருக்கும் காலம், அதாவது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாட்கள் வரை, இந்தப் பரிசோதனைக்கு உகந்தது. இரு குழந்தைகளையும் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைத்தான் மருத்துவர் உற்றுநோக்குகிறார்.

நஞ்சுக்கொடி இரண்டாக இருந்தால், அந்தச் சவ்வு நான்கு அடுக்குகள் கொண்டது. ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் ஒரு பனிக்குட உறையும் ஒரு கோரியான் உறையும் இருக்கும். இரண்டு கோரியான்களுக்கு இடையே நஞ்சுக்கொடித் திசு ஆப்பு போல நுழைந்து நிற்கும். திரையில் அது அடி அகன்று, நுனி குறுகிய முக்கோணமாகத் தெரியும். கிரேக்க எழுத்தான லாம்டாவை ஒத்திருப்பதால் இதற்கு 'லாம்டா அடையாளம்' என்று பெயர்.

நஞ்சுக்கொடி ஒன்றானால் சவ்வில் இரண்டு மெல்லிய பனிக்குட உறைகள் மட்டுமே உண்டு. நடுவே நுழையத் திசு ஏதும் இல்லை. மெல்லிய கோடு ஒன்று நஞ்சுக்கொடியின் மீது நேராக வந்து செங்குத்தாகச் சேரும். ஆங்கில எழுத்தான 'டி' தலைகீழாக நிற்பது போன்ற இந்தத் தோற்றம் 'டி அடையாளம்' எனப்படுகிறது.

ஏழாவது, எட்டாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்திருந்தால், கருப்பைகளின் எண்ணிக்கையே விடை தந்துவிடும். தடித்த விளிம்புடன் இரண்டு தனிப் பைகள் தெரிந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. ஒரே பைக்குள் இரண்டு இதயத்துடிப்புகள் தெரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று. ஆனால் அந்த வாரங்களில் பனிக்குட உறை மிக மெல்லியதாக இருப்பதால், பனிக்குடமும் ஒன்றே என்று தவறாகக் கருத இடமுண்டு. அதனால்தான் 11 வாரத்துக்குப் பிறகு மீண்டும் பார்க்கச் சொல்கிறார்கள்.

தாமதமானால் ஏன் தெரியாமல் போகிறது?

லாம்டா அடையாளத்தை உருவாக்கும் ஆப்பு வடிவத் திசு நிலையானதன்று. கர்ப்பம் வளர வளர, குழந்தைகளுக்கு இடைப்பட்ட கோரியான் பகுதி சுருங்கி மறைகிறது, சவ்வும் மெலிகிறது. ஆகவே 20ஆவது வாரத்தில் லாம்டா தெரிந்தால் நஞ்சுக்கொடி இரண்டு என்று நம்பலாம். தெரியவில்லை என்பதாலேயே நஞ்சுக்கொடி ஒன்று என்று சொல்லிவிட முடியாது. முன்பு இருந்த அடையாளம் மறைந்திருக்கவும் கூடும்.

நஞ்சுக்கொடிகளை எண்ணிப் பார்ப்பதும் அப்போது உதவாது. அருகருகே பதிந்த இரண்டு நஞ்சுக்கொடிகள் வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒரே திரளாகத் தோன்றுவது வழக்கமான நிகழ்வு.

இந்தியாவில் இந்தத் தாமதத்துக்கு மேலும் ஒரு விலை உண்டு. பிற நாடுகளில் பிந்திய ஸ்கேனில் மருத்துவருக்குக் கிடைக்கும் எளிய துப்பு குழந்தைகளின் பாலினம். ஒன்று ஆண், மற்றது பெண் எனில் நஞ்சுக்கொடி இரண்டு என்று ஏறத்தாழ முடிவுகட்டிவிடலாம். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் தெரிவிப்பதும் குற்றம். எனவே அந்தத் துப்பை இங்கே பயன்படுத்த முடியாது. அதே சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிரப்பப்படும் 'எஃப்' படிவத்தில், ஸ்கேன் எடுப்பதற்கான காரணங்களின் பட்டியலில் கருக்களின் எண்ணிக்கையையும் கோரியானிசிட்டியையும் கண்டறிதல் என்பது தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. அதாவது இந்தப் பரிசோதனைக்குச் சட்டம் தடையன்று. சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம்தான்.

மாதந்தோறும் 9ஆம் தேதி நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாம்கள், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்தே பெண்களைக் கருத்தில் கொள்கின்றன. அந்த முகாமில்தான் முதல் ஸ்கேன் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு, இரட்டையர் இருப்பது தெரியவரும்போதே நஞ்சுக்கொடியைப் பற்றிய உறுதியான விடை கைநழுவத் தொடங்கியிருக்கும்.

பகிர்ந்த நஞ்சுக்கொடிக்குள் நடப்பது

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரின் இரத்த ஓட்டங்கள் தனித்தனியானவை அல்ல. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பிலும் ஆழத்திலும் இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்களும் ஏறத்தாழ எப்போதும் இணைந்தே இருக்கின்றன. மேற்பரப்பில் தமனியோடு தமனி சேரும் இணைப்பில் இரத்தம் இரு திசைகளிலும் போய்வர முடியும். ஆழத்தில் நிலைமை வேறு. ஒரு குழந்தையின் தமனி கொண்டுவந்து சேர்க்கும் இரத்தத்தை மற்றக் குழந்தையின் சிரை எடுத்துச் செல்கிறது. இது ஒருவழிப் பாதை.

இத்தகைய ஒருவழிப் பாதைகள் இரு பக்கமும் சமமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஒரு பக்கம் மிகுந்து, அதை ஈடுசெய்யும் மேற்பரப்பு இணைப்புகளும் போதாமல் போனால், ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்கு இரத்தம் இடைவிடாது கசிந்துகொண்டே இருக்கும். 'இரட்டையரிடை இரத்த மாற்ற நோய்' என்பது இதுதான். மருத்துவர்கள் 'டி.டி.டி.எஸ்.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நஞ்சுக்கொடியைப் பகிரும் கர்ப்பங்களில் 10 முதல் 15 விழுக்காடு வரை இந்நோய் வருகிறது. பெரும்பாலும் 16ஆவது வாரத்துக்கும் 26ஆவது வாரத்துக்கும் இடையே அது தலைகாட்டுகிறது.

இரத்தம் இழக்கும் குழந்தையின் உடல், நீரைச் சேமிக்க முற்படுகிறது; சிறுநீர் குறைகிறது. கர்ப்பத்தின் இந்தக் கட்டத்தில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே என்பதால், அதன் பனிக்குடம் வற்றுகிறது. இரத்தம் பெறும் குழந்தையின் உடலோ மிகுதியான நீரை வெளியேற்றப் பாடுபடுகிறது. அதன் பனிக்குடம் நிரம்பி வழிகிறது. கூடுதல் இரத்தத்தைச் சுமக்கும் அதன் இதயம் தளர்கிறது. 'பெறும் குழந்தைக்கு நல்லதுதானே' என்று நினைப்பது தவறு. பல வேளைகளில் முதலில் இதயம் சோர்வது அந்தக் குழந்தைக்குத்தான்.

நோயை உறுதிசெய்வது குழந்தைகளின் எடை வேறுபாடு அன்று, நீரின் வேறுபாடு. ஒவ்வொரு பனிக்குடத்திலும் நீர் மிக ஆழமாகத் தேங்கியிருக்கும் இடத்தை மருத்துவர் செங்குத்தாக அளக்கிறார். ஒரு பக்கம் 2 செ.மீ.க்கும் குறைவாகவும், மறுபக்கம் 20 வாரத்துக்கு முன் 8 செ.மீ.க்கு மேலும் இருந்தால் அது டி.டி.டி.எஸ். 20 வாரத்துக்குப் பிறகு ஐரோப்பிய மையங்கள் 10 செ.மீ. என்ற வரம்பைக் கொள்கின்றன. அமெரிக்காவில் 8 செ.மீ. என்பதே தொடர்கிறது.

தீவிரத்தைக் குறிக்க, ரூபன் குவின்டெரோ 1999இல் வகுத்த ஐந்து நிலைகளே இன்றும் வழக்கில் உள்ளன. முதல் நிலையில் நீர் வேறுபாடு மட்டும் காணப்படும். இரண்டாம் நிலையில் இரத்தம் இழக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை திரையில் தெரியாது. மூன்றாம் நிலையில் டாப்ளர் பரிசோதனையில் இரத்த ஓட்டம் கடுமையாகப் பிறழ்ந்திருக்கும். நான்காம் நிலையில் குழந்தையின் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். ஐந்தாம் நிலை, ஒரு குழந்தையோ இரண்டுமோ இறந்துவிட்ட நிலை. நோய் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாகவே ஏறும் என்ற உறுதி இல்லை. முதல் நிலையிலிருந்து சில நாட்களில் நான்காம் நிலைக்குத் தாவுவதும் உண்டு.

ஒரே கர்ப்பம், இரு பாதைகள்

இதை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேனில் இரு கருக்களின் நீளம் 58 மி.மீ., 61 மி.மீ. என்று வருகிறது. பெரிய கருவின் அளவைக் கொண்டு கர்ப்ப காலம் சுமார் பன்னிரண்டரை வாரம் என்று குறிக்கப்படுகிறது. சவ்வு 'டி' வடிவில் சேர்வதைப் படமெடுத்து, 'நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு' என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். எனவே 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று நாள் குறிக்கப்படுகிறது.

16ஆவது வாரத்தில் நீரின் ஆழம் 4.1 செ.மீ., 5.0 செ.மீ.; கவலைக்கு இடமில்லை. 18ஆவது வாரத்தில் 2.8 செ.மீ., 6.9 செ.மீ. இன்னும் நோயின் வரம்பைத் தொடவில்லை. ஆனால் இடைவெளி விரிகிறது. சவ்வும் ஒரு பக்கம் மடிந்து தெரிகிறது. எனவே இரண்டு வாரம் காத்திராமல் ஒரே வாரத்தில் வரச் சொல்கிறார் மருத்துவர். 19ஆவது வாரத்தில் 1.4 செ.மீ., 8.8 செ.மீ. சிறிய பனிக்குடத்தில் உள்ள குழந்தையின் சிறுநீர்ப்பை ஸ்கேன் முடியும்வரை நிரம்பவே இல்லை. டாப்ளர் இயல்பாக இருக்கிறது. இது இரண்டாம் நிலை. அன்றே லேசர் வசதியுள்ள கரு மருத்துவ மையத்துக்குத் தகவல் போகிறது.

இதே பெண் 20ஆவது வாரத்தில்தான் முதல் ஸ்கேன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர் வற்றியதால் பிரிக்கும் சவ்வு ஒரு குழந்தையின் உடலோடு ஒட்டிப் போர்த்தியிருக்கும். திரையில் சவ்வே இல்லை என்று தோன்றலாம். நஞ்சுக்கொடி ஒரே திரளாகத் தெரியும். அது ஒன்றா, ஒட்டிக்கொண்ட இரண்டா என்று சொல்ல முடியாது. 'ஒரு குழந்தைக்கு நீர் குறைவு, வளர்ச்சியும் சற்றுக் குறைவு' என்று எழுதி, தனி நஞ்சுக்கொடி இரட்டையருக்குரிய வழக்கப்படி நான்கு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டால், அந்த நான்கு வாரம்தான் சிகிச்சைக்கு உகந்த காலம். தாய் எப்படிப் புரண்டு படுத்தாலும் குழந்தை கருப்பைச் சுவரில் ஒரே இடத்தில் ஒட்டியே நிற்பது, இந்நிலையைக் காட்டிக்கொடுக்கும் குறியாகும்.

லேசர் செய்வது என்ன?

சிகிச்சையின் நோக்கம் எளியது: இரு குழந்தைகளையும் இணைக்கும் குழாய்களை அடைத்துவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா இதைச் செய்துகாட்டி 1990இல் வெளியிட்டார். தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, சில மி.மீ. தடிமனுள்ள உள்நோக்கிக் குழாய், நீர் மிகுந்த பனிக்குடத்துக்குள் செலுத்தப்படுகிறது. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இரு குழந்தைகளின் குழாய்களும் சந்திக்கும் எல்லையைத் தேடி, ஒவ்வோர் இணைப்பும் லேசரால் சுட்டு அடைக்கப்படுகிறது. முடிவில் மிகுதி நீர் வடிகட்டப்படுகிறது. விடுபட்ட நுண்ணிய இணைப்புகளையும் மூடுவதற்காக, எல்லை நெடுகிலும் ஒரு கோடு போல் சுட்டுச் செல்லும் 'சாலமன் முறை' இப்போது பரவலாகியுள்ளது. நோய் திரும்புவது இம்முறையால் குறைவதை 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

அதற்கு முன்பு இருந்த வழி, பெருகிய நீரை ஊசி மூலம் அவ்வப்போது எடுத்துவிடுவதுதான். இரண்டையும் ஒப்பிட்ட 'யூரோஃபீட்டஸ்' ஆய்வு 2004இல் வெளியானது. பிறந்து 28 நாட்கள் வரை குறைந்தது ஒரு குழந்தையாவது உயிரோடு இருந்தது லேசர் பிரிவில் 76 விழுக்காடு. நீர் எடுத்த பிரிவில் 56 விழுக்காடு. மூளைப் பாதிப்பும் லேசர் பிரிவில் குறைவாக இருந்தது. நீரை எடுப்பது அறிகுறியைத் தணிக்கிறது, கசிவை நிறுத்துவதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

லேசருக்கும் வரம்புகள் உண்டு. பனிக்குடம் முன்கூட்டியே உடைவது, குறைப்பிரசவம், ஒரு குழந்தையை இழப்பது ஆகியன அறியப்பட்ட இடர்கள். தொந்தரவு ஏதுமில்லாத முதல் நிலையில் உடனே லேசருக்குச் செல்லாமல், நெருக்கமாகக் கண்காணிப்பதும் ஏற்கத்தக்கதே. 16 வாரத்துக்கு முன்பும் 26 வாரத்துக்குப் பின்பும் இதைச் செய்வது கடினம். இந்தியாவில் இந்த வசதி பெருநகரங்களின் சில மையங்களில் மட்டுமே இருப்பதால், நோய் தெரிந்த பிறகு இடம் தேடுவதைக் காட்டிலும், 'டி' அடையாளம் தெரிந்த நாளிலேயே அருகிலுள்ள மையத்தை அறிந்துவைப்பது நாட்களை மிச்சப்படுத்தும்.

சிகிச்சையின்றி ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்தால் மற்றது தப்பிவிடும் என்பதும் உறுதியன்று. இணைப்புகள் திறந்தே இருப்பதால், உயிரோடு உள்ள குழந்தையின் இரத்தம் இறந்த குழந்தையின் பக்கம் சட்டெனப் பாயும். அதன் இரத்த அழுத்தம் சரிந்து, மூளை பாதிக்கப்படலாம். உயிரே போகவும் கூடும். நஞ்சுக்கொடி தனித்தனியாக உள்ள இரட்டையருக்கு இந்த இடர் மிகக் குறைவு.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

இரட்டையர் என்று தெரிந்ததும், அறிக்கையில் 'இரட்டைக் கரு' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா, பனிக்குடம் ஒன்றா இரண்டா என்பது எழுதப்பட்டுள்ளதா என்று கேட்கலாம். லாம்டா அல்லது 'டி' அடையாளத்தின் படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்னர் வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால், மீண்டும் எடுக்க முடியாத சான்று அந்தப் படம். எந்தக் குழந்தை இடப்பக்கம், எது வலப்பக்கம் என்ற குறிப்பும் அதில் இருந்தால், அடுத்தடுத்த அளவுகளை ஒப்பிட முடியும்.

அறிக்கையில் தெளிவில்லை எனில், 14 வாரத்துக்குள் கரு மருத்துவ நிபுணரிடம் இரண்டாம் கருத்துப் பெற வேண்டும். அதற்கும் காலம் கடந்திருந்தால், நஞ்சுக்கொடி ஒன்றே என்று கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்காணிப்பதே பன்னாட்டு வழிகாட்டு நெறி. தேவைக்கு மேல் சில ஸ்கேன்கள் எடுக்க நேரலாம். ஆனால் மாறாகக் கணித்தால் நேரும் இழப்பு அதைவிடப் பெரிது.

இரண்டு ஸ்கேன்களுக்கு இடைப்பட்ட நாட்களிலும் கவனிக்க வேண்டியது உண்டு. சில நாட்களுக்குள் வயிறு விரைந்து பெருத்தல், வயிறு இறுகி வலித்தல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை பனிக்குட நீர் திடீரெனப் பெருகியதன் அறிகுறிகளாக இருக்கலாம். இரட்டையர் என்பதால் வயிறு பெரிதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல், குறித்த நாளுக்குக் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்குச் சென்று நீரின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.